எழுபத்தைந்து மில்லிமீற்றர்

எங்கள் அலுவலகத்தில் நாகலெட்சுமிக்கு 'கமா அம்மா' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவன் நான்தான். மூல அறிக்கையில் கமா இருந்தால் அவளுடைய தமிழிலும் கமா இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. அதற்காக வைத்தது. அவளுக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால் உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

நுவரெலியாவில் ஓர் அரசாங்க அலுவலகம். எது என்று சொல்வதால் யாருக்கும் லாபமில்லை. அதன் இரண்டாம் மாடியில், யன்னலோரம் அவளுடைய மேசை, பக்கத்தில் என்னுடையது. அவள் மொழிபெயர்ப்பாளர், நான் எழுதுவினைஞன். பத்தொன்பது வருசமாக இந்த இரண்டு மேசைகளும் நகரவில்லை. மனிசருக்குத்தான் வயசு போனது. அவளுக்கு ஐம்பத்தொன்று, எனக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருசம்.

அவள் பிறந்தது அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா அழகையா தோட்டத்து ஆபீஸ் வாச்சர். கொழுந்து எடுக்கும் வீட்டில் பிறந்த பிள்ளை, சிங்களத்தைக் கடைவீதியிலும், ஆங்கிலத்தைப் பழைய பத்திரிகையிலும் படித்து, சோதனை எழுதி அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தது சின்ன விசயமில்லை. ஆனால் அதைப் பற்றி அவள் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னதே ஒரே ஒரு விசயம்தான். அவர் தினமும் காலையில் ஆபீஸ் முற்றத்து மழைமானியைக் கழற்றி, தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எத்தனை இஞ்சு என்று கொப்பியில் எழுதுவாராம். அந்தக் கண்ணாடியைக் கழுவி வைப்பது இவளுடைய வேலையாம்.

எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் மலை சரியும். மலை சரிந்தால், அல்லது சரியப் போகிறது என்று யாராவது பயந்தால், புவியியல் அதிகாரிகள் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார்கள். அறிக்கை சிங்களத்தில் வரும், சிலது ஆங்கிலத்தில் வரும். அந்த மண்ணின் மேல் படுத்து எழும்புகிறவனுக்கோ தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். ஆகவே எல்லாம் நாகலெட்சுமியின் மேசைக்கு வரும்.

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சில சமயம் எரிச்சல் வரும். எனக்கு வந்திருக்கிறது. ஓர் இரும்பு அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, அந்த வரி முடியும்வரை அடுத்த வரியைப் பார்க்க மாட்டாள். சொற்களுக்கென்று நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று வைத்திருந்தாள். 'இழுவிசை வெடிப்பு', 'தாங்குசுவர்', 'மேற்பரப்பு வடிகால்', 'கசிவுத் துளை' என்று ஒருமுறை எழுதிக்கொண்டால் பத்து வருசமானாலும் அதே சொல்தான். ஓர் அறிக்கையில் வெடிப்பு, இன்னோர் அறிக்கையில் பிளவு, மற்றதில் கீறல் என்று எழுதினால், வாசிக்கிறவன் மூன்றும் வேறு வேறு என்று நினைப்பான் என்பாள். புரியாத சொல் வந்தால் ஊகித்து எழுதமாட்டாள். எழுதிய அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

சிபாரிசுப் பகுதி வந்தால் இன்னும் மோசம். 'வேண்டும்' என்று இருந்தால் வேண்டும், 'செய்வது நல்லது' என்று இருந்தால் நல்லது, 'உடனடியாக' என்று இருந்தால் உடனடியாக. ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் வந்து, "இந்த உடனடியாகவைக் கொஞ்சம் மெதுவாகப் போடுங்களேன், சனம் பயப்படும்" என்று சிங்களத்தில் சொன்னார். நாகலெட்சுமி எழுந்து நின்று, மரியாதையாக, "சேர், மூலத்தில் அவங்க மெதுவாப் போட்டாங்கன்னா நானும் போடுறேன்" என்றாள். அவர் முகம் சிவந்து போய்விட்டார். அந்த அறிக்கை ஒரு லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளைப் பற்றியது. அந்தச் சனத்தை அன்றைக்கே வெளியேற்றினார்கள். நாலாம் நாள் லயம் மண்ணுக்குள்ளே போனது. ஆட்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

எழுதி முடித்ததும் ஒப்புநோக்குவோம். அதில்தான் எனக்குப் பங்கு. அவள் தமிழிலிருந்து எண்களையும் அலகுகளையும் சத்தமாக வாசிப்பாள். நான் மூலத்தில் ஒவ்வொன்றாகப் பென்சிலால் சரி போடுவேன். "முப்பத்தெட்டு மீற்றர்." சரி. "இருபது முதல் அறுபது மில்லிமீற்றர் வரை." சரி. கடைசிப் பக்கத்தில் ஒப்புநோக்கியவர் என்று என் கையொப்பம் விழும். ஆகவே அவள் செய்த எல்லாவற்றிலும் எனக்கும் பொறுப்பு உண்டு. இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவள் ஒன்றும் பிறவியிலேயே இப்படி இறுக்கமானவள் இல்லை. முன்பெல்லாம் சனத்துக்கு விளங்கட்டும் என்று அங்கங்கே ஒரு விளக்கம் சேர்ப்பாள். எட்டு வருசத்துக்கு முன் தாங்குசுவர் ஒன்றுக்கான அறிக்கை வந்தது. அத்திவாரத்தைக் கடினமான படையை அடையும்வரை வெட்ட வேண்டும், ஆழம் 1.5 மீற்றருக்குக் குறையக்கூடாது என்று இருந்தது. இவள் நல்லெண்ணத்தில் 'சுமார் ஐந்து அடி' என்று பக்கத்தில் போட்டுவிட்டாள். சுவர் கட்ட வந்தவன் ஐந்து அடி வெட்டி நிறுத்திவிட்டான். கடினமான படை இன்னும் மூன்று அடிக்குக் கீழே இருந்தது. முதல் மழைக்கே சுவர் வயிறு தள்ளியது. கேட்டால், தமிழில் ஐந்து அடி என்றுதானே இருக்கிறது என்றான். அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். மூன்று மாதம் சம்பள உயர்வை நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் கமா அம்மா ஆனாள். மூலத்தில் எழுதியிருப்பதை விட்டு இனி ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று சுவாமி படத்துக்கு முன்னால் சொன்னாளாம்.

போன வருசக் கடைசியில் அடித்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. மழை விட்ட பிறகு அறிக்கைகள் வரத் தொடங்கின. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு, பத்து. நாகலெட்சுமி மதியச் சோற்றைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் உண்டு.

அதில் ஒன்று பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தைப் பற்றியது. பதினாறு காம்பிராக்கள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வீடு. பின்பக்கச் சரிவில் முப்பத்தெட்டு மீற்றர் நீளத்துக்கு வெடிப்பு. சனம் எல்லாரும் மூன்று வாரமாகத் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று ஒரு பக்கம் நெருக்குதல். அறிக்கையில் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தது. ஒன்று முதல் ஐந்து வரையான வீடுகள் குடியிருக்கத் தகுதியற்றவை. ஆறு முதல் பதினாறு வரையான வீடுகளில், மாற்றுக் காணி கிடைக்கும்வரை நிபந்தனையோடு தற்காலிகமாகக் குடியிருக்கலாம். வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து மூட வேண்டும். மேலே மேற்பரப்பு வடிகாலைத் துப்புரவு செய்ய வேண்டும். இவற்றோடு மூன்றாவது நிபந்தனையாக, இருபத்துநான்கு மணித்தியாலத்தில் மழைவீழ்ச்சி 75 மி.மீ.ஐத் தாண்டினால் உடனடியாக வெளியேற வேண்டும்.

ஆக, பதினொரு குடும்பம் அந்தத் தாளை நம்பித் திரும்பிப் போகப்போகிறது. அந்த மூன்றாவது நிபந்தனைதான் அவர்களுக்கு இருந்த ஒரே காவல்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தோட்டத்துக்கு அறிக்கையைக் கொண்டுபோக ஜீப் கீழே நின்றது. சாரதி இரண்டு தடவை ஹோர்ன் அடித்துவிட்டான். நானுஓயாவுக்கு என்னுடைய பஸ் நாலேகாலுக்கு. அதை விட்டால் அடுத்தது ஐந்தரைக்கு, அதிலும் நிற்க இடம் கிடைக்காது. நாங்கள் ஒப்புநோக்கிக்கொண்டிருந்தோம்.

"எழுபத்தைந்து மில்லிமீற்றர்" என்று வாசித்தாள். நான் சரி போட்டேன். அடுத்த வரிக்கு அடிமட்டத்தை நகர்த்தாமல் இருந்தாள். பிறகு பக்கத்தின் அடியில் ஏதோ எழுதியிருந்ததை என் பக்கம் திருப்பினாள். 'மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: 75 மி.மீ. என்பது ஏறக்குறைய 2.95 அங்குலம். இது மூல அறிக்கையில் இல்லை.'

"இது என்ன புதுசா?" என்றேன்.

"அண்ணே, அந்தத் தோட்டத்துல இன்னும் இஞ்சுக் கண்ணாடிதான் வச்சிருக்காங்க. பழைய மழைக் கணக்கு ஒன்னு நம்ம பைல்ல இருக்கு, பாத்தேன்."

"இருக்கட்டுமே."

"தோட்டத்துல ஒரு இஞ்சை நூறாப் பிரிச்சுத்தான் பேசுவாங்க. சென்ட்டும்பாங்க. எங்கப்பா காலையில வந்து 'நேத்து எழுபத்தஞ்சு' அப்படின்னா, முக்கா இஞ்சுன்னு அர்த்தம். இதுல எழுபத்தஞ்சுன்னு பாத்தவொடனே அவங்களுக்கு அதுதான் தோணும்."

எழுபத்தைந்து மில்லிமீற்றர் கிட்டத்தட்ட மூன்று இஞ்சு. முக்கால் இஞ்சு என்பது அதில் கால்வாசி. மலைநாட்டில் முக்கால் இஞ்சு மழை கிழமைக்கு இரண்டு தடவை பெய்யும். இதெல்லாம் இப்போது நான் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஹோர்ன் சத்தம்தான் கேட்டது.

"மி.மீ.ன்னு கொட்டை எழுத்துல இருக்குல்ல" என்றேன். "கண்ணு இருக்கிறவன் பாத்துக்குவான். குறிப்புப் போடுறதுன்னா எழுதின அதிகாரிக்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். நீங்களே சொல்ற சட்டம்தானே."

அது உண்மைதான். குறிப்புச் சேர்ப்பதில் தப்பில்லை, குறிப்பு என்று தனியாகக் காட்டி, எழுதியவருக்குத் தெரியப்படுத்திச் சேர்க்கலாம். அவள் அந்த அதிகாரிக்கு அழைத்தாள். அவர் இன்னொரு மலையில் நின்றார், சிக்னல் இல்லை. மறுபடியும் அழைத்தாள். அதே பதில். சாரதி மூன்றாவது தடவை ஹோர்ன் அடித்தான்.

அப்போது நான் ஒரு பகிடி விட்டேன். "அஞ்சு அடி சுவரு மறந்து போச்சா?" என்றேன்.

அவள் முகம் மாறியது. அந்த முகத்தை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிறகு குறிப்பை நீக்கி, அந்தப் பக்கத்தைத் திரும்ப அச்சடித்தாள்.

"அப்போ அண்ணே, அந்த எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லணும். மூணு இஞ்சுன்னு சொன்னாப் போதும்."

"நான் சொல்றேன். நீங்க கையெழுத்தை வைங்க."

வைத்தாள். நானும் வைத்தேன். பஸ்ஸைப் பிடித்தேன், யன்னல் பக்கத்துச் சீட்டுக்கூடக் கிடைத்தது.

போன் பண்ணவில்லை. வேண்டுமென்று விடவில்லை, மறந்து போனேன். சனி, ஞாயிறு வீட்டில் கூரைத் தகரம் மாற்றும் வேலை. திங்கட்கிழமை மேசையில் பதினாலு அறிக்கை கிடந்தது. பத்து மணி போல நாகலெட்சுமி தலையை நிமிர்த்தி, "அந்த மழை விசயம் சொன்னீங்களா அண்ணே?" என்று கேட்டாள். நான் வாயில் பேனா மூடியை வைத்துக்கொண்டு, "ம், சொல்லியாச்சு" என்றேன். மதியத்துக்குள் பேசிவிடலாம் என்று நினைத்துத்தான் சொன்னேன். மதியம் வேறு வேலை வந்தது. மறுநாள் அது நினைவிலேயே இல்லை.

அந்தத் தாள் அங்கே போய் என்ன ஆனது என்பதை நான் பிறகு கேட்டறிந்தேன். தோட்டத்தில் எந்த அறிவித்தலும் பெரட்டில்தான் வாசிக்கப்படும். காலையில் வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில் ஆட்கள் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை உரத்த குரலில் வாசிப்பார். எழுத்துக்கூட்டி முழுதாக வாசிக்க அங்கே நேரமில்லை. சாரத்தைச் சொல்வார்கள். அன்றைக்குச் சொன்னது இதுதான்: "மழை எழுபத்தஞ்சு தாண்டினா ஆறாம் நம்பர்லேந்து பதினாறு வரைக்கும் ஸ்கூலுக்கு ஏறிறணும்." மி.மீ. என்பதை அவர் வாசிக்கவில்லை. அந்த மனிசர் எதையும் மறைக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் நூறு வருசமாக மழைக்கு ஒரே அளவுதான். அதற்குப் பெயர் சொல்லத் தேவையே இருந்ததில்லை.

மழையை அளந்தவர் சோலைமலை. ஆபீஸ் வாச்சர், நாகலெட்சுமியின் அப்பா பார்த்த அதே வேலை. ஐம்பத்தைந்து வயசு. அவருடைய வீடு அதே லயத்தில் பத்தாம் நம்பர். ஆகவே அவர் அந்த எண்ணை விளையாட்டாக எடுக்கவில்லை. திரும்பிப் போன மூன்றாம் நாள் கண்ணாடியில் எண்பது சென்ட் காட்டியது. ஓடிப்போய் எல்லாரையும் எழுப்பி, பாயும் சட்டியும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏற வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கிழமை தொண்ணூறு. மறுபடியும் ஏறினார்கள். அதற்கடுத்து ஒரு இஞ்சு பத்து சென்ட். அப்போதும் ஏறினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது. பள்ளிக்கூடத்து அதிபர் முகத்தைச் சுளித்தார். மற்ற லயத்துக்காரர் "சோலைமலை அண்ணன் மூத்திரம் பேஞ்சாலும் ஸ்கூலுக்கு ஏறச் சொல்வாரு" என்று கேலி பண்ணினார்கள். ஆறு தடவை ஏறி இறங்கினார்கள். சரிவில் ஒரு கல்கூட உருளவில்லை.

இந்தக் கேலி என் காதுக்கும் வந்தது. அந்தப் பக்கத்துக் கிராம உத்தியோகத்தர் ஒரு கூட்டத்துக்கு வந்தபோது, சிற்றுண்டிச்சாலையில் சொன்னார். தூறல் போட்டாலே அந்தச் சனம் மூட்டை கட்டுகிறது என்றார். நானும் சிரித்தேன். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று ஒரு பழமொழி வேறு எடுத்து விட்டேன். மேலே வந்து நாகலெட்சுமியிடம் சொல்லியிருந்தால் அவளுக்கு அந்தக் கணமே விளங்கியிருக்கும். சொல்லவில்லை. ரோல்ஸும் பிளேன்டீயும் நன்றாக இருந்தன.

ஏழாவது தடவை மழை பிடித்தது. விடிய ஆறரைக்குச் சோலைமலை மழைமானியைக் கழற்றினார். அவருடைய கண்ணாடி அரை இஞ்சுக் கண்ணாடி. ஆறு தடவை நிறைந்து, ஏழாவது தடவை பாதி வந்தது. மூன்றேகால் இஞ்சு. மில்லிமீற்றரில் சொன்னால் எண்பத்திரண்டரை. அறிக்கை எழுதியவர் மனதில் வைத்திருந்த மழை அதுதான். முந்திய ஆறும் அந்த அளவுக்குக் கிட்டவும் வரவில்லை. இது தாண்டியும் விட்டது.

அன்றைக்கு யாரும் ஏறவில்லை. ஏறுவோம் என்று சொல்லிப் பார்த்த ஒன்றிரண்டு பேரும் நாலு வீடு போய்த் திரும்பினார்கள். ஒன்பது நாற்பதுக்குச் சரிவு வந்தது. ஒன்பதாம், பத்தாம், பதினோராம் நம்பர்கள் போயின. மூன்று பேர். ஒன்பதாம் நம்பரில் ஒரு வயதான தம்பதி. பத்தாம் நம்பரில் சோலைமலையின் மகள் தனுஷிகா, சாதாரண தரச் சோதனை எழுதவிருந்த பிள்ளை. மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை என்று வீட்டில் இருந்தாள். சோலைமலை ஆபீசுக்குத் திரும்பியிருந்தார், தாய் ஜெயலெட்சுமி கொழுந்துக்குப் போயிருந்ததால் தப்பினாள். தப்பினாள் என்று எழுதுவதற்கு என் கை கூசுகிறது.

செய்தி வந்தபோது நாகலெட்சுமி தன் மேசையில் இருந்தாள். தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் கோப்பை எடுத்துத் தன்னுடைய பிரதியைத் திறந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "மூணு இஞ்சுன்னு தெரிஞ்சும் இருந்திருக்காங்களே அண்ணே" என்றாள். குரலில் கோபம் இருந்தது, சனத்தின் மேல். நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குத் துக்கத்தை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் சோலைமலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்த மனிசர். தலைமயிர் மழித்திருந்தது. வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கையில் அந்த அறிக்கை, ஒரு பொலித்தீன் பையில். யார் யாரிடமோ கேட்டு மாடி ஏறி வந்திருக்கிறார். எங்கள் மேசைகளுக்கு முன்னால் வந்து நின்று, "இதைத் தமிழ்ல எழுதினது யாருங்க?" என்று கேட்டார்.

"நான்தாங்க ஐயா. உக்காருங்க" என்றாள் நாகலெட்சுமி.

உட்காரவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்தார். அந்த வரிக்குக் கீழே நகத்தால் கோடு கிழித்திருந்தது.

"அம்மா, நான் சண்டைக்கு வரல்லை. சரிவு பாக்க வந்த தம்பி ஒருத்தர் என்கிட்ட மழை எவ்வளவுன்னு கேட்டாரு. மூணேகாலுன்னேன். நீங்க ஏன் ஏறல்லைன்னு கேட்டாரு. எழுபத்தஞ்சுக்கே ஆறு தடவை ஏறினோமேன்னேன். அவரு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. பொறகுதான் சொன்னாரு, எழுபத்தஞ்சுன்னா மூணு இஞ்சாம்."

நாகலெட்சுமி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"அன்னைக்குக் காலையில நான் கண்ணாடியைக் கழுவி வச்சிட்டு வீட்டுக்குப் போனேன். பாப்பா பாயில உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்துச்சு. 'எழுபத்தஞ்சு தாண்டிருச்சாப்பா, ஏறுவமா'ன்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னேன். எத்தனை வாட்டி ஏறுறது, சும்மா இருன்னேன். இந்த மழைக்குத்தான் ஏறணும்னு எனக்குத் தெரியாதும்மா. மழை அளக்குறவனே நான்தான். எனக்கே தெரியல்ல."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"இதுல ஒரு ஓரமா மூணு இஞ்சுன்னு போட்டிருக்கக்கூடாதாம்மா? இல்ல, போடக்கூடாதுன்னு சட்டமா? எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

நாகலெட்சுமி திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. என் முகத்தில் இருந்தது அவளுக்குப் போதுமாக இருந்தது. போன் போகவில்லை என்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள். நான் என் முன்னால் இருந்த கோப்பின் ஒரு பக்கத்தைப் புரட்டினேன். வெறும் பக்கம்.

அவள் எழுந்து நின்றாள்.

"போடலாம் ஐயா. சட்டம் ஒன்னும் இல்ல. நான் எழுதித்தான் வச்சிருந்தேன். எனக்குத் தெரியும், எங்கப்பாவும் உங்க வேலைதான் பாத்தாரு. பொறகு நான்தான் எடுத்துட்டேன்."

"நீங்களா எடுத்தீங்க?"

"ஆமாங்க. நானாத்தான் எடுத்தேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வசனம் போதும். எட்டு வருசமாக அவள் ஒரு கமாவைக்கூட மாற்றாமல் எழுதியவள், அன்றைக்கு என் பெயரை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள். நான் அதை ஒப்புநோக்கவில்லை.

சோலைமலை தலையாட்டினார். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பொலித்தீன் பையில் போட்டார். "உண்மையைச் சொன்னீங்களே, அது போதும்மா" என்று சொல்லிவிட்டு, இருவரையும் பார்த்துக் கும்பிட்டார். என்னையும் சேர்த்துத்தான் கும்பிட்டார். படியில் மெதுவாக இறங்குகிற சத்தம் கேட்டது.

நாகலெட்சுமி உட்கார்ந்து, அடிமட்டத்தை எடுத்து, விட்ட வரிக்குக் கீழே வைத்தாள். அன்றைக்கு முடித்தாக வேண்டிய அறிக்கை இரண்டு இருந்தது. மூன்று மணிக்கு எண்களை வாசித்தாள், நான் சரி போட்டேன்.

இது நடந்து ஐந்து மாதமாகிறது. இப்போதெல்லாம் மழை அளவு வருகிற ஒவ்வோர் அறிக்கையிலும் அடியில் அவளுடைய குறிப்பு இருக்கிறது. அதிகாரிகளும் சம்மதித்துவிட்டார்கள். என்னோடு முன்போலவே பேசுகிறாள். பிளேன்டீ வாங்கினால் எனக்கும் ஒன்று வாங்கி வருகிறாள். ஏன் போன் பண்ணவில்லை என்று மட்டும் அவள் இன்றைக்குவரை என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு நான் தினமும் ஒரு பதிலை எடுத்துக்கொண்டு வருகிறேன், சாயங்காலம் அதையே திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.